சட்டைப்பைக்குள் அடங்கும் வாக்கு

வங்கிக்கோ மின்வாரிய அலுவலகத்துக்கோ போயிருந்தால் அந்தச் சட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். காந்தியின் படம், பக்கத்தில் சில வரிகள். வாடிக்கையாளர்தான் நம் இடத்துக்கு வரும் முக்கியமான விருந்தாளி, அவர் நம்மை நம்பி இல்லை, நாம்தான் அவரை நம்பியிருக்கிறோம் என்ற பொருளில் போகும். காந்தி இதைச் சொன்னார் என்பதற்குச் சான்று எதுவும் கிடைத்ததில்லை. அது வேறு கதை. நமக்கு வேண்டியது வேறொன்று. அந்தச் சட்டத்துக்கு நேர் கீழே பத்து வருடமாக உட்கார்ந்திருக்கும் ஊழியரிடம், திரும்பிப் பார்க்காமல் அதைச் சொல்லச் சொல்லுங்கள். முதல் வரியோடு நின்றுவிடுவார்.

அவர் மறதிக்காரர் இல்லை. அந்த வரிகளால் அவருக்கு ஒரு நாளும் வேலை ஆகவில்லை, அவ்வளவுதான். மதியம் ஒன்றரை மணி, வரிசையில் பன்னிரண்டு பேர், ஒரு பெரியவர் படிவத்தைத் தப்பாக நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறார். திருப்பி அனுப்புவதா, தானே அடித்துத் திருத்திக் கையெழுத்து வாங்குவதா? வாடிக்கையாளர் முக்கியம் என்கிறது சுவர். பெரியவரும் வாடிக்கையாளர், பின்னால் நிற்கும் பதினொரு பேரும் வாடிக்கையாளர்கள். சுவர் யார் பக்கமும் பேசவில்லை.

ஒரு நிறுவனம் தான் எதற்காக இருக்கிறது, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று எழுதி வைப்பதை விளம்பரத் துறையில் ‘பிராண்ட் மேனிஃபெஸ்டோ’ என்கிறார்கள். மேனிஃபெஸ்டோ என்றால் நமக்குத் தேர்தல் அறிக்கைதான் நினைவுக்கு வரும். அந்த ஒப்புமையும் தப்பில்லை. பெரும்பாலானவை அதே கதியைத்தான் அடைகின்றன. இந்தக் கட்டுரையில் அதை ‘வாக்கு’ என்றே சொல்கிறேன். கொடுத்தால் காப்பாற்ற வேண்டியது என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது.

ஊழியர் வாயில் நிற்கிற, கையிலும் வேலை செய்கிற வாக்கை எப்படி எழுதுவது? அதை நன்றாகச் செய்துகாட்டிய ஓர் ஓட்டல் நிறுவனத்திலிருந்து தொடங்கலாம்.

பதினான்கு வயதுப் பையன் கண்ட மரியாதை

ஹோர்ஸ்ட் ஷுல்ட்ஸே ஜெர்மனியில் பிறந்தவர். பதினான்கு வயதில் ஓர் ஓட்டலில் எச்சில் தட்டு எடுக்கும் வேலைக்குப் போனார். அங்கே தலைமைப் பரிசாரகர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு மேசைக்குப் போனால், உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களே சற்று நிமிர்ந்து உட்காருவார்களாம். பரிமாறுகிறவர்தான், ஆனால் யாருக்கும் தாழ்ந்தவர் போல நடந்துகொண்டதில்லை. ஓட்டல் பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னபோது ஷுல்ட்ஸே அவரைப் பற்றித்தான் எழுதினார். கண்ணியமானவர்களுக்குச் சேவை செய்கிற நாமும் கண்ணியமானவர்களாக இருக்க முடியும் என்பதுதான் கட்டுரையின் சாரம்.

1983-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரை மையமாகக் கொண்டு ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டல் நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதைக் கட்டியெழுப்பியவர்களில் ஷுல்ட்ஸே முக்கியமானவர். பிறகு அதன் தலைவரானார். பள்ளிக் கட்டுரையின் அந்த வரியே நிறுவனத்தின் முழக்கமானது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘சீமான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் சேவை செய்யும் சீமான்களும் சீமாட்டிகளும் நாங்கள்.’

இந்த ஒரு வரி இரண்டு பக்கமும் வெட்டும். விருந்தினரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஊழியருக்குச் சொல்கிறது. அதே நேரம், ஊழியரை எப்படி நடத்த வேண்டும் என்று மேலாளருக்கும் சொல்கிறது. அறை துடைக்கும் பெண்ணை மேலாளர் ‘ஏய்’ என்று கூப்பிட்டால் அந்த வரி பொய்யாகிவிடும். கீழே இருப்பவர் தனக்குச் சாதகமாகவும் எடுத்துக் காட்ட முடிகிற வரியைத்தான் அவர் மனப்பாடம் செய்வார். தன் மேல் சுமை மட்டும் ஏற்றுகிற வரியை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை.

அட்டையில் இருந்தது என்ன?

முழக்கத்தோடு நிற்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவில் ஓர் அட்டை அச்சடித்தார்கள். சீருடையின் ஒரு பகுதி போல எல்லோரும் அதை வைத்திருக்க வேண்டும். நிறுவனத்தின் நோக்கம், அந்த முழக்கம், சேவையின் மூன்று படிகள், பிறகு ‘அடிப்படைகள்’ என்ற பெயரில் இருபது வரிகள் அதில் இருந்தன.

அந்த இருபதில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று, விருந்தினர் வழி கேட்டால் கை காட்டாதே, கூடப் போய் விட்டுவிட்டு வா. இன்னொன்று, குறையை யார் காதில் வாங்குகிறாரோ அவரே அதற்குச் சொந்தக்காரர்.

இரண்டிலும் ‘சிறந்த’, ‘உயர்ந்த’, ‘தரமான’ போன்ற அடைமொழிகள் இல்லை. இருப்பது வினைச்சொல். நீச்சல்குளம் எங்கே என்று விருந்தினர் கேட்கிற நொடியில் கை தூக்குவதா, கால் எடுத்து வைப்பதா என்பதை முதல் வரி முடிவு செய்துவிடுகிறது. இரண்டாவது இன்னும் கூர்மையானது. குளியலறையில் வெந்நீர் வரவில்லை என்று விருந்தினர் சொல்வது பெட்டி தூக்குகிறவரிடமாக இருக்கலாம். ‘அது என் வேலையில்லை, வரவேற்பில் சொல்லுங்கள்’ என்று அவர் சொல்ல முடியாது. குழாய் பழுதுபார்ப்பவரைப் பிடித்து, வேலை முடிந்ததா என்று பார்த்து, விருந்தினரிடம் திரும்பிச் சொல்லும் வரை குறை அவருடையது.

ஆனால் பொறுப்பை மட்டும் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காவிட்டால் அது தண்டனையாகிவிடும். அதனால்தான் ரிட்ஸ்-கார்ல்டனில் இன்னொரு ஏற்பாடு வந்தது. ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க, எந்த ஊழியரும் மேலாளரைக் கேட்காமலே 2,000 டாலர் வரை செலவழிக்கலாம். கேட்டவர்கள் தலையில் கை வைத்தார்கள். ஷுல்ட்ஸேயின் கணக்கு வேறு. திரும்பத் திரும்ப வருகிற ஒருவர் வாழ்நாள் முழுவதும் ஓட்டலில் செலவழிக்கும் தொகையோடு ஒப்பிட்டால் இது சிறியது. நடைமுறையில் முழுத் தொகையும் தேவைப்படுவது அபூர்வம். ஒரு வேளைச் சாப்பாட்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதிலோ ஒரு பூங்கொத்திலோ முடிந்துவிடும். அந்தத் தொகையின் உண்மையான வேலை, ‘நீ முடிவு எடுக்கலாம் என்று நாங்கள் சொன்னது வெறும் பேச்சில்லை’ என்று ஊழியருக்குக் காட்டுவதுதான்.

மனப்பாடம் எப்படி ஆனது?

தேர்வு வைத்து அல்ல. ஒவ்வொரு ஓட்டலிலும் ஒவ்வொரு வேலைமுறை தொடங்கும் முன்பும், சமையல்காரர்களும் துப்புரவுப் பணியாளர்களும் வரவேற்பில் இருப்பவர்களும் தத்தம் துறையில் கால் மணி நேரம் போலக் கூடி நின்றார்கள். அன்றைய வரி ஒன்று எடுக்கப்படும். இன்று மூன்றாவது, நாளை நான்காவது, இருபது முடிந்தால் மறுபடியும் ஒன்று. அந்த வரி தொடர்பாக நேற்று நடந்த ஏதாவது ஒன்றை யாராவது சொல்வார்கள். பிறகு வேலைக்குப் போய்விடுவார்கள்.

இருபது நாளுக்கு ஒரு சுற்று என்றால் வருடத்துக்குப் பதினைந்து தடவைக்கு மேல் ஒரே வரி திரும்பி வரும். ஒவ்வொரு தடவையும் வேறொரு சம்பவத்தோடு வரும். மனித மூளைக்கு வாசகம் தனியாக நிற்காது, கதையோடு சேர்ந்துதான் நிற்கும். பாட்டி சொன்ன பழமொழி எதுவாவது நினைவிருந்தால், அவர் அதை எந்தச் சண்டையில் யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதும் சேர்ந்தே நினைவிருக்கும்.

வரியின் கட்டமைப்பும் உதவும். நம் ஊர்ப் பிள்ளைகள் ஔவையாரின் ஆத்திசூடியை எப்படி ஒப்பிக்கிறார்கள்? ஒவ்வொரு அடியும் சில சொற்களில் முடிந்துவிடும். அகர வரிசை நூல்பிடித்தாற்போல் அடுத்த அடியை இழுத்துக்கொண்டு வரும். ஒன்றை மறந்தால் எந்த எழுத்தில் மறந்தோம் என்பது தெரிந்துவிடும். இரண்டு பத்தியாக எழுதப்பட்ட ‘எங்கள் தொலைநோக்கு’ அறிக்கைக்கு இப்படி ஒரு பிடிமானம் கிடையாது. இடையில் ஒரு வாக்கியத்தை உருவினாலும் யாருக்கும் தெரியாது.

ஆத்திசூடியே ஓர் எச்சரிக்கையும் தருகிறது. கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளை அதன்படி நடக்கிறதா என்பது வேறு கேள்வி. ரிட்ஸ்-கார்ல்டனும் இந்தச் சுவரில் முட்டியது. இருபது வரிகளும் நன்றாகப் பதிந்துபோனதில், ஊழியர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேச ஆரம்பித்தார்கள். எதற்கெடுத்தாலும் அதே பணிவான சொற்றொடர், அதே புன்னகை. இளைய விருந்தினர்களுக்கு அது நாடக வசனம் போலப் பட்டது. 2006-ல் இருபது அடிப்படைகளை எடுத்துவிட்டு, ‘நான்’ என்று தொடங்கும் பன்னிரண்டு சேவை மதிப்புகளைக் கொண்டுவந்தார்கள். இன்ன சொல்லைச் சொல் என்பது போய், இன்ன விளைவை உண்டாக்கு என்பது வந்தது. குறைக்குப் பொறுப்பேற்கும் வரி மட்டும் புதிய வடிவத்திலும் உயிரோடு இருந்தது. முழக்கமும் மாறவில்லை.

இதிலிருந்து எழுதுகிறவருக்குக் கிடைப்பது ஓர் எல்லைக்கோடு. வாய் என்ன பேச வேண்டும் என்று எழுதினால் கிளி உருவாகும். ‘நல்லவராக இரு’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. என்ன முடிவு எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு, எப்படிப் பேசுவது என்பதை ஊழியரிடம் விட்டுவிட வேண்டும்.

யார் முதலில், யார் கடைசியில்?

ரிட்ஸ்-கார்ல்டன் வாக்கில் பெரிதாகத் தெரியாத ஒரு விஷயம் இன்னொரு நிறுவனத்தின் வாக்கில் நன்றாகத் தெரியும். அது வரிசை.

ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் தலைவராக இருந்த ராபர்ட் வுட் ஜான்சன் 1943-ல், நிறுவனத்தின் பங்குகள் பொதுச் சந்தைக்கு வருவதற்குச் சற்று முன்பு, ஒரு பக்க அளவில் ‘நம்பிக்கை உரை’ ஒன்றை எழுதினார். மனப்பாடம் செய்யும் நீளமில்லை. ஆனால் அதன் எலும்புக்கூட்டை யாரும் மறக்க முடியாது. எங்கள் முதல் கடமை எங்கள் பொருட்களைப் பயன்படுத்துகிற மருத்துவர்கள், செவிலியர்கள், தாய்மார்கள் போன்றோருக்கு. அடுத்தது ஊழியர்களுக்கு. பிறகு ஊருக்கும் சமூகத்துக்கும். கடைசியாகப் பங்குதாரர்களுக்கு. புதிதாக முதல் போட வரப்போகிறவர்களிடம், உங்கள் இடம் கடைசி என்று எழுதிக் கொடுத்தார்.

எல்லோரும் முக்கியம் என்று எழுதுவது சுலபம். அது மோதலே இல்லாத நாளுக்கான வாசகம். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும் என்ற நாளில்தான் வாக்குக்கு வேலை. அந்த நாளில் வரிசை இல்லாத வாக்கு பேசாது.

1970களில் ஜேம்ஸ் பர்க் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தபோது, அந்த உரை சுவரில் தொங்கும் அலங்காரமாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டார். மூத்த மேலாளர்களைக் கூட்டி, இதன்படி நடக்கப் போவதில்லை என்றால் சுவரிலிருந்து கழற்றிவிடலாம் என்று சொல்லி, வரி வரியாக வாதிடச் சொன்னார். அப்படிப்பட்ட கூட்டங்கள் தொடர்ந்து நடந்தன. சில சொற்கள் மாறின. வரிசை மாறவில்லை.

1982 செப்டம்பர் இறுதியில் சிகாகோ வட்டாரத்தில் ஏழு பேர் இறந்தார்கள். யாரோ கடைகளில் இருந்த டைலெனால் வலிநிவாரணிக் குப்பிகளில் சயனைடு கலந்திருந்தார்கள். கலந்தது நிறுவனமல்ல, பாதிப்பும் ஒரு வட்டாரத்தில்தான். ஆனாலும் நாடு முழுவதிலும் இருந்து சுமார் 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றார்கள். 10 கோடி டாலருக்கு மேல் செலவு. அமெரிக்க வலிநிவாரணிச் சந்தையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருந்த மருந்து, சில வாரங்களில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. பிரித்தால் தெரியும்படி மூன்று அடுக்கு முத்திரையிட்ட குப்பியில் மறுபடி கொண்டுவந்து, ஏறத்தாழ ஓராண்டுக்குள் இழந்ததில் பெரும்பகுதியை மீட்டார்கள். முடிவு எடுப்பது கடினமாக இருந்ததா என்று பின்னாளில் கேட்டவர்களுக்கு, அந்த உரை இருந்ததால் வேறு வழியே இருக்கவில்லை என்ற பொருளில்தான் பர்க் பதில் சொல்லிவந்தார்.

கதையை இங்கேயே முடித்தால் பாதிதான் சொன்னதாகும். அதே நிறுவனத்தின் டால்கம் பவுடரில் ஆஸ்பெஸ்டாஸ் தடயம் இருந்தது, அது நிறுவனத்துக்குத் தெரிந்தும் இருந்தது என்று ஆயிரக்கணக்கானவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் மறுத்தது. ஆனாலும் 2020-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023-ல் உலகம் முழுவதும் டால்க் கலந்த குழந்தைப் பவுடர் விற்பனையை நிறுத்திக்கொண்டது. வாக்கின் சொற்கள் அப்போதும் அதேதான். ஏழு பேர் இறந்த செய்தி ஊரறிய வந்தபோது வழிகாட்டிய வரி, பல பத்தாண்டுகளாக ஆய்வக அறிக்கைகளுக்குள் மெல்ல எழுகிற சந்தேகத்துக்கும் அதே தெளிவோடு வழிகாட்டும் என்று சொல்ல முடியாது. கேள்வியை யாராவது வாய்விட்டுக் கேட்டால்தான் வாக்கு பதில் சொல்லும்.

ஒரு பலகாரக் கடையில் எழுதிப் பார்ப்போம்

பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு நம் ஊருக்கு வருவோம். திருநெல்வேலிப் பக்கம் ஓர் இனிப்பு-காரக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கற்பனைக் கடை. பட்டறையில் ஐந்து பேர், கவுண்டரில் ஆறு பேர், பொட்டலம் கட்ட இரண்டு பேர், கல்லாவில் ஒருவர், மொத்தம் பதினான்கு பேர். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். அவர் முதலில் எழுதுவது ‘தரம், நேர்மை, வாடிக்கையாளர் திருப்தி’ என்றுதான் இருக்கும்.

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒவ்வொரு சொல்லையும் திருப்பிப் போட்டுப் பார்ப்பது. ‘தரமில்லாதது, ஏமாற்று, அதிருப்தி’ என்று எந்தக் கடைக்காரராவது பலகை மாட்டுவாரா? மாட்ட மாட்டார். எதிர்ச்சொல்லை யாருமே தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்றால், நேர்ச்சொல்லைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு தேர்வே இல்லை. கணக்கில் புரட்டு செய்து 2001 டிசம்பரில் திவாலான என்ரான் நிறுவனமும் மரியாதை, நேர்மை, தொடர்பாடல், மேன்மை என்ற நான்கைத்தான் தன் மதிப்புகளாக அறிவித்திருந்தது.

ஆகவே எழுதுவதைத் தள்ளி வைத்துவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கட்டித் தொங்கவிடச் சொல்வேன். இரண்டு வாரத்துக்கு, யாராவது வந்து ‘அண்ணாச்சி, என்ன செய்ய?’ என்று கேட்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியையும் அவர் சொன்ன பதிலையும் ஒரு வரியில் எழுத வேண்டும். நேற்றுப் போட்ட பால்கோவா அரைத் தட்டு மிச்சம் இருக்கு, முன்னால் வைக்கவா? மைசூர்பாகு கல்லு மாதிரி இருக்குன்னு திருப்பிக் கொண்டுவந்திருக்காங்க, பாதி தின்னிருக்கு, மாத்திக் கொடுக்கவா? கூட்டம் நிக்குது, டப்பாவோட சேர்த்து எடை போட்டுரவா? பழைய வாடிக்கைக்காரர் வரிசையை மீறிக் கேக்கார், கொடுக்கவா?

இரண்டு வாரம் கழித்து நோட்டைப் படித்தால், கேள்விகள் நான்கைந்து கொத்துகளாகப் பிரியும்: பழைய சரக்கு, எடை, திருப்பிக் கொடுத்தல், கூட்ட நேரத்து அவசரம். அண்ணாச்சி ஒரே கேள்விக்குத் திங்கட்கிழமை ஒரு பதிலும் சனிக்கிழமை ஒரு பதிலும் சொல்லியிருப்பதும் தெரியும். அந்த இடங்களில்தான் வாக்கு எழுதப்பட வேண்டும். ஏற்கெனவே எல்லோரும் ஒரே மாதிரி செய்கிற விஷயத்துக்கு வரி தேவையில்லை.

இப்போது ஒவ்வொரு கொத்துக்கும் அவரிடம் ஒரே கேள்வி: இதற்காக எவ்வளவு நட்டப்படத் தயார்? பழைய சரக்கை எடுத்துக்கொள்வோம். 2020 அக்டோபரிலிருந்து, சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்த நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதைச் செய்வது வாக்கில் சேராது, அது சட்டம். சட்டம் முடிகிற இடத்தில்தான் வாக்கு ஆரம்பிக்கிறது. கெடு தாண்டவில்லை, ஆனால் நேற்றுப் போட்டது. வாங்குகிறவர் பலகையைப் பார்க்கவில்லை. சொல்வதா, வேண்டாமா?

அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘நாமளே சொல்லிருவோம்’ என்கிறார் என்று வைப்போம். அதனால் தினமும் ஒன்றிரண்டு கிலோ விற்காமல் போகலாம். அந்த நட்டத்தை அவர் மனதார ஏற்றால், வரி பிறந்துவிட்டது. அதை அவர் வாயில் வந்த தமிழிலேயே எழுத வேண்டும். ‘பொருளின் புத்துணர்வு குறித்த வெளிப்படைத்தன்மையைப் பேணுவோம்’ என்று மாற்றினால் பட்டறையில் ஒருவர் வாயிலும் நுழையாது.

இப்படியே போனால் கடைசியில் நிற்பது ஐந்து வரிகள்:

முதல்ல வயிறு, அப்புறம் எடை, அப்புறம்தான் வேகம்.
பழசுன்னா நாமளே முந்திச் சொல்லுவோம்.
டப்பா எடைக்குக் காசு வாங்க மாட்டோம்.
குறையக் கேட்டவரே தீர்த்து வைக்கணும்.
கவுண்டர்ல நிக்கிறவங்கள யாரும் வையக் கூடாது, வாடிக்கைக்காரரும், அண்ணாச்சியும்.

முதல் வரி வரிசை. சாப்பிடுகிறவரின் உடம்பு, பிறகு நியாயமான எடை, பிறகு வேகம். தீபாவளிக் கூட்டத்தில் டப்பாவோடு சேர்த்து எடை போடவா என்று கேட்க வேண்டியதில்லை. எடை வேகத்துக்கு முன்னால் வருகிறது. கடைசி வரி ஊழியருக்குக் கிடைக்கும் பங்கு. அது இல்லாவிட்டால் மற்ற நான்கும் முதலாளியின் கட்டளைகளாகவே கேட்கும்.

எழுதியதை உடைத்துப் பார்த்தல்

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை வேண்டும். நோட்டிலிருந்து பத்துப் பழைய கேள்விகளை எடுத்து, புதிதாகச் சேர்ந்த தம்பி உட்பட மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஐந்து வரிகளை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன முடிவு எடுக்கிறார்கள்? மூன்று பேரும் ஒரே பதில் சொல்லி, அது அண்ணாச்சி விரும்புகிற பதிலாகவும் இருந்தால் வரி நிற்கும். ஆளுக்கொரு பதில் வந்தால், குற்றம் வரியில்தான்.

உதாரணமாக, இரண்டாவது வரிக்குப் பதில் அண்ணாச்சி முதலில் எழுதியது ‘நம்ம வீட்டுக்கு வாங்காதத விக்க மாட்டோம்’ என்று வைத்துக்கொள்வோம். கேட்க அழகாக இருக்கிறது. ஆறு நாள் ஆன முறுக்கை வைத்துக் கேட்டால் ஒருவர், ‘எங்க வீட்ல பத்து நாளானாலும் தின்போம்’ என்பார். இன்னொருவர், ‘மறுநாளே தொட மாட்டோம்’ என்பார். அவரவர் வீடு வேறு. அழகான அந்த வரி அங்கேயே விழுந்துவிடும்.

நான்காவது வரிக்குத் தொகை சேர்க்க வேண்டும். கடையில் சாதாரண பில் 250 ரூபாய் என்றால், கவுண்டரில் இருப்பவர் யாரையும் கேட்காமல் 300 ரூபாய் வரை மாற்றிக் கொடுக்கலாம், பணமாகத் திருப்பலாம், நோட்டில் எழுதினால் போதும் என்று வைக்கலாம். சம்மதிக்கும் முன் அண்ணாச்சி மோசமான கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். தினம் இரண்டு பேர் முழுத் தொகையும் வாங்கிக்கொண்டு போனால் மாதம் 18,000 ரூபாய். அதைத் தாங்க முடியாது என்றால் 150 என்று வைக்கட்டும். 300 என்று அறிவித்துவிட்டு, முதல் தடவை ஒரு பையன் 280 ரூபாய் திருப்பிக் கொடுத்ததற்கு முகத்தைச் சுளித்தால், அந்த வரி அன்று மாலையே செத்துப்போகும். அட்டையில் மட்டும் இருக்கும்.

பிறகு தினமும் கடை திறக்கும் முன் ஐந்து நிமிடம். பலகாரக் கடைக்குக் கால் மணி நேரம் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு வரி, நோட்டிலிருந்து நேற்று நடந்த ஒன்று. ஐந்து வரிகள் என்பதால் வாரத்துக்கு ஒரு சுற்று முடிந்து ஒரு நாள் மிஞ்சும். அந்த நாளில், எந்த வரியிலும் அடங்காத கேள்வி வந்ததா என்று கேட்கலாம். ஒப்பிக்கச் சொல்லி யாரையும் எழுப்ப வேண்டாம். ஒரு மாதத்தில் தானாக வந்துவிடும். வராத வரி எதுவோ, அது வேலைக்கு உதவாத வரி. அதை எடுத்துவிடலாம்.

தீபாவளிக்கு முந்தின நாள்

வாக்கு வேலை செய்கிறதா என்பதற்கு முதல் அடையாளம் அந்த நோட்டு. ‘அண்ணாச்சி, என்ன செய்ய?’ என்ற கேள்விகள் வாரத்துக்கு வாரம் குறைய வேண்டும். குறையாவிட்டால் இரண்டில் ஒன்று. வரிகள் தெளிவில்லை, அல்லது சொந்தமாக முடிவெடுத்தவர் யாரோ திட்டு வாங்கியிருக்கிறார். முதலாவதை எழுதிச் சரிசெய்யலாம். இரண்டாவதை எழுதிச் சரிசெய்ய முடியாது.

இரண்டாவது அடையாளத்துக்குத் தீபாவளி வரை காத்திருக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு கம்பெனிக்கு இருநூறு டப்பா போக வேண்டும். பால்கோவா நேற்றுப் போட்டதுதான் இருக்கிறது. புதிதாகக் கிண்ட மூன்று மணி நேரமாகும். அவர்களிடம் சொன்னால் ஆர்டர் கைவிட்டுப் போகலாம். அண்ணாச்சி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ‘எடுத்து அடுக்குடா தம்பி, ஒரு நாள்தானே ஆச்சு’ என்கிறார்.

தம்பி கரண்டியை வைத்துவிட்டு நிற்கிறான். ‘அண்ணாச்சி, பழசுன்னா நாமளே முந்திச் சொல்லணும்லா?’

பட்டறையும் கவுண்டரும் அவர் முகத்தையே பார்க்கின்றன. அவர் போனை எடுத்து அந்தக் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு, பால்கோவா நேத்து போட்டது, புதுசா வேணும்னா ஏழு மணி ஆகும், நாலு மணிக்கே வேணும்னா அதுக்குப் பதில் மைசூர்பாகு வைக்கிறேன் என்று கேட்டால், அந்த ஐந்து வரிகளை இனி யாரும் மனப்பாடம் செய்ய வைக்கத் தேவையில்லை. ‘எனக்கே பாடம் எடுக்கியா?’ என்று கேட்டால், பதினான்கு பேரும் மறுநாளும் வரிகளைப் பிழையில்லாமல் ஒப்பிப்பார்கள். அடுத்த முறை பால்கோவா மிஞ்சும்போது யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.